மூன்றாவது இடத்தைப் பிடித்திருந்த கைப்பேசி

மாணவர் விடுதி வைஃபையில் ஒரு கணக்குக்கு மூன்று கருவிகள்தான் என்று விதி இருந்தால், நான்காவதை வாங்குகிறவர்தான் சிக்குவார் என்று நினைப்போம். என் அக்கா மகளிடம் இருந்தவை ஒரு மடிக்கணினியும் ஒரு ஐபோனும் மட்டுமே. மூன்றாவதாக வாங்கிய டேப்பைத்தான் விடுதி உள்ளே விடவில்லை.

அவள் கிள்ளான் பெண். கட்டடக்கலை படிக்கிறாள். இரவு வெகுநேரம் வரைபட வேலை இருப்பதால் தினமும் கொமுட்டர் ரயிலில் வீட்டுக்குப் போய்வர முடியாது. கோலாலம்பூரில் தனியார் விடுதி ஒன்றில் தங்கியிருக்கிறாள். நீண்ட செமஸ்டர் விடுமுறை முடிந்ததும் லோ யாட் பிளாசாவில் டேப்பை வாங்கிக்கொண்டு நேராக விடுதிக்குப் போனாள். வைஃபை குறியீடு முழுதாகத் தெரிந்தது, கடவுச்சொல்லும் சரி. ஆனால் பதிவுப் பக்கமே திரும்பத் திரும்ப வந்து நின்றது. "மாமா, டேப்ல கோளாறு போல, கடையில மாத்திக் கேட்கவா?" என்று பிரிக்பீல்ட்ஸில் இருக்கும் என் வீட்டுக்கு வந்துவிட்டாள். என் வீட்டு வைஃபையில் டேப் உடனே வேலை செய்தது. கோளாறு டேப்பில் இல்லை என்பது அப்போதே தெளிவாயிற்று.

விடுதிக் கணக்கின் பக்கத்தைத் திறந்து, பதிவான கருவிகளின் பட்டியலைப் பார்க்கச் சொன்னேன். மூன்று வரிகள் இருந்தன. ஒன்று மடிக்கணினி. மற்ற இரண்டு இப்படி:

```
DA:5E:71:0C:4B:92
6E:13:A8:F0:27:D5
```

விடுதியின் கணினிக்கு நம் கைப்பேசியின் பெயரோ முகமோ தெரியாது. அதன் வைஃபை சில்லுக்கு உரிய பன்னிரண்டு எழுத்து முகவரியைக்கொண்டுதான் அடையாளம் காண்கிறது. 2020-இல் வந்த ஐஓஎஸ் 14 முதல், ஐபோன் தன் உண்மையான முகவரியைக் காட்டாமல் ஒவ்வொரு வைஃபைக்கும் ஒரு புனைமுகவரியைத் தருகிறது. கடைக்குக் கடை நம்மைப் பின்தொடர்ந்து கணக்கெடுப்பதைத் தடுக்க வந்த நல்ல ஏற்பாடு அது. புனைமுகவரியைக் கண்டுபிடிப்பதும் எளிது: இரண்டாவது எழுத்து 2, 6, A, E ஆகியவற்றில் ஒன்றாக இருக்கும். மேலே உள்ள இரண்டையும் பாருங்கள். ஒன்றில் A, இன்னொன்றில் E.

இரண்டும் அவளுடைய அதே ஐபோன்தான். ஐஓஎஸ் 15 முதல், ஒரு வைஃபையில் ஆறு வாரம் சேராமல் இருந்துவிட்டால், அடுத்த முறை ஐபோன் அங்கே புது முகவரியோடு வரும். விடுமுறை அந்த ஆறு வாரத்தைத் தாண்டியிருந்தது. திரும்பி வந்த கைப்பேசியை விடுதி புதிய கருவியாகப் பதிந்துகொண்டது. பழைய பதிவும் அழியவில்லை. அப்படித்தான் மூன்றாவது இடம் நிரம்பிவிட்டது.

சரிசெய்வதில் வரிசை முக்கியம். கைப்பேசியில் அமைப்பை மட்டும் முதலில் மாற்றினால் அது உண்மை முகவரியோடு, அதாவது மூன்றாவது முகத்தோடு போய் நிற்கும். இடம் இல்லாமல் கைப்பேசியும் வெளியே நிற்கும். ஆகவே கைப்பேசிக்கு உரிய இரண்டு வரிகளையும் முதலில் நீக்க வேண்டும். பிறகு அந்த வைஃபை பெயருக்குப் பக்கத்தில் உள்ள i குறியைத் தொட்டு Private Wi-Fi Address என்பதை Off ஆக்கிவிட்டுப் பதிய வேண்டும். டேப்பிலும் இதற்கு ஈடான அமைப்பை மாற்றிய பிறகே பதிய வேண்டும். விடுதி வைஃபைக்கு மட்டும் இதைச் செய்தால் போதும். அங்கே கணக்கின் பெயரைக்கொண்டே நம்மை அறிவார்கள், மறைப்பதால் பெரிய லாபமில்லை. பேரங்காடியிலும் காப்பிக் கடையிலும் மறைப்பு அப்படியே இருக்கட்டும்.

சில விடுதிகளில் பதிவுக்கு வரம்பு கிடையாது. ஒரே நேரத்தில் இணைந்திருக்கும் கருவிகளுக்குத்தான் வரம்பு. அங்கே மற்றவற்றின் வைஃபையை அணைத்துச் சற்றுக் காத்திருந்தால் புதியது நுழைந்துவிடும். எவ்வளவு காத்திருந்தும் நுழையாவிட்டால் பதிவு வரம்புதான் காரணம் என்று கொள்ளலாம்.

வரம்பு வைப்பதில் எனக்குக் குறையில்லை. பல விடுதிகளில் ஒரு பிரிவுக்கு 254 உள்முகவரிகள்தான் ஒதுக்கப்பட்டிருக்கும். நூறு பேர் மூன்று மூன்றாகக் கொண்டுவந்தாலே அது போதாது. என் கோபம் வேறு. அவளுடைய விடுதியில் பட்டியலைப் பார்க்கலாம், ஆனால் நீக்க முடியாது. அலுவலகம் திறக்கும் திங்கட்கிழமை வரை காத்திருந்து, கவுண்டரில் படிவம் எழுதிக் கொடுத்தபிறகே அந்த இரண்டு வரிகளும் போயின. சனி, ஞாயிறு முழுவதும் தன் கைப்பேசித் தரவைச் செலவழித்து டேப்பிலிருந்து வரைபடங்களை அனுப்பினாள். அவள் கருவி எது, பழைய பதிவு எது என்று அவளைவிட நன்றாகத் தெரிந்தவர் அந்தக் கவுண்டரில் யாரும் இல்லை. நீக்கும் பொத்தானை அவளிடமே கொடுத்திருக்கலாம்.