என் பெயரில் மூன்று எப்படி வந்தது

சாலாக் செலாத்தானிலிருந்து பிரிக்பீல்ட்ஸ் போய் எண்கணிதம் பார்த்து வந்த நாள்முதல் நான் ஒரு 'மூன்று'. பேச்சும் எழுத்தும் அந்த எண்ணின் குணமாம். மேடை ஏறினாலே நாக்கு வறண்டுவிடும் எனக்கு. இருந்தும் பேச்சுப் பயிற்சியில் சேர்ந்தேன்.

மறைவேட்கை எண் என்பார்கள் இதை. பிறப்புப் பத்திரத்திலுள்ள முழுப்பெயரில் எழுத்துக்கு ஓர் எண் போட வேண்டும்: A முதல் I வரை 1 முதல் 9, J முதல் R வரை மறுபடி அதே வரிசை, S முதல் Z வரை 1 முதல் 8. பெயரெண்ணுக்குச் செய்வதுபோல் இங்கே கூட்டுவதில்லை. எந்த எண் அதிகமுறை வருகிறதென்று பார்த்தால் போதும். நான் LETCHUMI, அப்பா MUNUSAMI. L, C, மூன்று U என 3 மட்டும் ஐந்து முறை வருகிறது. அடுத்து M மூன்று, அது 4.

பெயரில் வராத எண்கள் எத்தனையோ அதை 9-இலிருந்து கழித்தால் ஆழ்மன எண். நெருக்கடியில் ஒருவர் எவ்வளவு நிதானமாக நிற்பார் என்று சொல்வதாம் அது. எனக்கு 6, 7 இரண்டும் இல்லை, ஆகவே 7. ஆனால் ஐசியில் இரண்டு பெயருக்கும் நடுவே A/P இருக்கிறதே? P-க்கு 7, சேர்த்தால் என் ஆழ்மன எண் 8. கணித்தவரிடம் கேட்டேன். "அது பேரு இல்லம்மா, சேர்க்கக் கூடாது" என்றார். அச்சான எழுத்து ஒன்றையும் விடக் கூடாது என்று சற்று முன்பு சொன்னவரும் அவர்தான்.

வீட்டில் LAKSHMI என்று எழுதிப் பார்த்தேன். 1 நான்கு முறை வந்தது, 3 மூன்றுக்கு இறங்கியது. பேச்சு போய்த் தலைமை வந்துவிட்டது! லெட்சுமி என்று காதில் விழுந்ததை LETCHUMI, LETCHUMY என்றெல்லாம் எழுதிக்கொண்ட ஊர் இது. பத்திரம் எழுதியவரின் காதுதான் எனக்கு அந்த மூன்றைக் கொடுத்திருக்கிறது.

இல்லாத எண்ணை 'கற்க வேண்டிய பாடம்' என்பார்கள். 6 என்றால் குடும்பப் பொறுப்பு. அந்த எண்ணுக்கு F, O, X மூன்றே எழுத்து. நம் பெயர்களில் முதலும் கடைசியும் அபூர்வம். கோபால், யோகேஸ்வரி என்று ஓசை அமைந்தால்தான் 6 கிடைக்கும். எங்கள் வீட்டில் யாருக்கும் O இல்லை. விடியுமுன் எழுந்து எல்லாருக்கும் சமைத்துவிட்டு வேலைக்குப் போன அம்மாவுக்கும் இல்லை. அதேபோல A நிறைந்த நம் பெயர்களில் 1 முந்திக்கொள்வதில் வியப்பில்லை. எழுத்து வழக்கமாக எத்தனை முறை வரும் என்று முதலில் பார்க்காமல், மிகுதி, குறை என்று எதைச் சொல்வது?

பிறகு பிரிக்பீல்ட்ஸிலேயே இன்னொருவரிடம் போனேன். அவர் கீரோவின் அட்டவணைக்காரர். அதில் எந்த எழுத்துக்கும் 9 கிடையாது. ஆழ்மன எண் எவருக்கும் 8-ஐத் தாண்டாது. என் மறைவேட்கை 4 ஆனது. U மூன்றும் 6 ஆயின. முன்னவர் எனக்கு இல்லவே இல்லை என்ற குடும்பப் பொறுப்பு, இவரிடம் மூன்று மடங்கு. இருவருக்கும் காசு கொடுத்தேன்.