நாலு நிமிஷத்துல அம்மா எங்கே?

கல்யாண வீடியோ எடிட் பண்றவனுக்கு வர்ற போன் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் தொடங்கும். "அண்ணே, சூப்பரா இருக்கு, ஆனா..." அந்த 'ஆனா'வுக்குப் பிறகு வர்றதுதான் வேலை. பெரிய மாமாவைக் காணோம், பாட்டை மாத்துங்க, நான் கொட்டாவி விடுறது தெரியுது. இதெல்லாம் அரை மணி நேரத்துல முடியும். மூணு நாள் எடுத்த ஒரு திருத்தத்தைப் பற்றித்தான் எழுதுறேன்.

மண்டபம் மொனராகலை டவுன்ல. பொண்ணு வீடு பசறைப் பக்கம் ஒரு தோட்டத்து லயம். மாப்பிள்ளை கொழும்புல வேலை செய்றவர். எங்க பக்கம் இப்ப ரெண்டு வீடியோ கேக்குறாங்க. ஒன்று முழுக் கல்யாணமும் உள்ள நீளமானது, ரெண்டரை மணி நேரம், பென் டிரைவ்ல போகும். மற்றது 'ஹைலைட்', நாலு நிமிஷம், பேஸ்புக்குக்கும் வாட்ஸ்அப்புக்கும். சண்டை வர்றது எப்பவும் ரெண்டாவதுல. நீளமானதை வீட்டாக்கள்தான் பாப்பாங்க, நாலு நிமிஷத்தை ஊரே பாக்கும்.

நான் அனுப்பின முதல் வெர்ஷன் லயத்துல தொடங்கும். ட்ரோன்ல தகரக் கூரை வரிசை, பொதுக் குழாய்ல தண்ணி பிடிக்கிற பிள்ளைகள், பிறகு உள்ளே பொண்ணுக்கு அம்மா தலையில பூ வச்சு விடுறது. எல்லாம் சேர்த்து 38 செக்கன் சொச்சம். மாப்பிள்ளை மறுநாள் காலையில கோல் எடுத்தாரு. "அண்ணே, அந்த லயத்து சீனை முழுசா தூக்கிடுங்க. ஒபிஸ் ஆக்கள் எல்லாம் பாப்பாங்க."

நானும் 10க்கு 12 அடி காம்பரா ஒன்றுல பிறந்தவன்தான். அவருக்கு லயத்துல வெறுப்பு இல்லை, லயத்தைப் பார்த்துட்டு மத்தவங்க சொல்லப் போற வார்த்தையிலதான் பயம். எனக்கு அது பிடிக்கல, ஆனா கல்யாணம் அவருடையது. தூக்கினேன்.

தூக்குறதுன்னா சும்மா வெட்டுறது இல்லை. ஹைலைட்ல படம் பாட்டுக்கு மேல தைச்சிருக்கும். அந்தப் பாட்டு நிமிஷத்துக்கு 100 தட்டு. ஒரு தட்டுக்கு 0.6 செக்கன். நாங்க வேலை செய்றது செக்கனுக்கு 25 பிரேம்ல, அதனால ஒரு தட்டுக்குச் சரியா 15 பிரேம் வருது. நாலு தட்டு ஒரு சுற்று, 2.4 செக்கன். லயத்துப் பகுதி 16 சுற்று. படத்தை எடுக்கும்போது பாட்டுலயும் முழுச் சுற்றுகளாத்தான் எடுக்கணும். பாதியில எடுத்தா அடுத்து வர்ற எல்லா ஷாட்டும் தாளம் தப்பி மாறும். பார்க்கிறவருக்கு என்ன பிழைன்னு சொல்லத் தெரியாது, ஆனா 'என்னமோ இடிக்குது'ம்பாரு.

ரெண்டாவது வெர்ஷன் மாப்பிள்ளைக்குப் பிடிச்சது. அன்னைக்கு ராத்திரி பொண்ணு வாய்ஸ் மெசேஜ் போட்டிச்சு. ஒரே வரி. "அண்ணே, இதுல எங்க அம்மா எங்க?"

திரும்ப ஓட்டிப் பார்த்தேன். உண்மைதான், ஒரு இடத்துலயும் இல்லை. அப்பா இறந்து சில வருஷம் ஆச்சு. மணவறையில கையைப் பிடிச்சுக் கொடுத்தது பெரியப்பாவும் பெரியம்மாவும். தாலி கட்டுற நேரம் அம்மா முன்னுக்கு வரல, யாரும் வரச் சொல்லவும் இல்லை. விதவைன்னா நம்ம ஆக்கள் ஒதுக்கி வைக்கிற அந்த வழக்கம் இன்னும் அப்படியே இருக்கு. அதைப் பற்றித் தனியா எழுதணும், கோவத்தோட. முதல் கேமரா முழு நேரமும் மேடையைப் பார்த்தது, அதுதான் அதுக்குச் சொன்ன வேலை. ஆக, அம்மா இருந்தது லயத்து ஷாட்கள்ல மட்டும்தான். பெரியாக்கள் வந்து சேர முன்னம், விடியக் காலையில, வீட்டுக்குள்ள, மகளுக்குப் பூ வச்சு விடுறப்போ.

ஒருத்தருக்கு லயம் இருக்கக் கூடாது, மத்தவருக்கு அம்மா இருக்கணும். ரெண்டும் ஒரே 38 செக்கனுக்குள்ள.

முதல்ல மாப்பிள்ளைக்கு முதல் வெர்ஷனையே மறுபடி அனுப்பினேன், இந்தத் தடவை திரையில மூலைக்கு நேரம் ஓடுற மாதிரி. "எந்த இடத்துல இருந்து எந்த இடம் வரைக்கும் வேணாம்னு நம்பர் மட்டும் எழுதி அனுப்புங்க தம்பி"ன்னேன். வாயால சொல்றப்போ 'எல்லாம்'னு வரும், நம்பரா எழுதச் சொன்னா ஆள் திரும்பப் பாப்பாரு. வந்த பதில் 9, 10 செக்கன்தான். ட்ரோன் ஷாட்டும் குழாயடியும். அது நாலு சுற்று, கணக்குக்குச் சரி.

பூ வைக்கிற ஷாட்டுக்குப் பின்னால சுவர், கலண்டர், கயித்துல துணி. பின்னணியை மட்டும் மங்கலாக்கலாமேன்னு கேப்பீங்க. செய்யலாம், ஆனா முடி ஓரத்துல காட்டிக் கொடுத்துடும், ஆள் அசையுற ஒவ்வொரு தடவையும் விளிம்பு நெளியும். அதை விடச் சுத்தமான வழி வெட்டி நெருங்குறது. எடுத்தது 4கே, கொடுக்கிறது 1080. அகலத்துல சரியா ரெண்டு மடங்கு இருக்கு, அதனால ரெண்டு மடங்கு வரை நெருங்கினாலும் கூர்மை குறையாது. ஒன்றரை மடங்கு நெருங்கினேன். அம்மாவுடைய விரல், மல்லிகை, பாதி முகம். சுவருடைய நீலம் மட்டும் மிச்சம். அதை நான் எடுக்கல.

மணவறை நேரம்தான் கஷ்டம். மண்டபத்துக்குப் பின்னால மூணுகால்ல ஒரு கேமரா ஆளில்லாம ஓடிச்சு, முழு மண்டபமும் தெரிய. அந்தக் கார்டை பெருசாக்கி ஓரம் ஓரமா தேடினோம். என்னோட ஷூட் பண்ற சிங்களத் தம்பிதான் கண்டுபிடிச்சான். "அண்ணே, மே இன்னே அம்மா." சமையலறைப் பக்கக் கதவு, தூணுக்குப் பக்கத்துல. கெட்டிமேளம் ஏறுற சத்தத்தை வச்சு ரெண்டு கேமராவையும் பொருத்தினா, முடிச்சு விழுற அதே செக்கன்ல அம்மா கையெடுத்துக் கும்பிடுறாங்க. தலைகளுக்கு நடுவால எட்டிப் பார்த்துக்கிட்டு.

ரெண்டு மடங்கு நெருங்கியும் இடுப்புக்கு மேல உருவம் சின்னதுதான். கதவுப் பக்கம் இருட்டு, கேமரா ஐஎஸ்ஓ 3200ல ஓடியிருக்கு, நெருங்க நெருங்கப் புள்ளியும் பெருசாகுது. புள்ளியைத் துடைக்கிற எபெக்ட்டைக் கூட்டினா முகம் மெழுகு மாதிரி வழுக்கும். பாதி அளவுல நிறுத்திட்டேன். கொஞ்சம் புள்ளி இருந்தா பரவாயில்லை, அம்மா அம்மா மாதிரி இருக்கணும். மெதுவாக்கவும் முடியாது, அந்தக் கேமரா 25 பிரேம், பாதி வேகத்துக்கு இறக்கினா விட்டு விட்டு ஓடும். மெதுவா வேணும்னா எடுக்கும்போதே 50 பிரேம்ல எடுத்திருக்கணும். அதனால இயல்பான வேகத்துல, ரெண்டு சுற்று. முடிச்சு, அம்மா, திரும்ப பொண்ணு முகம்.

மூணாவது வெர்ஷனை ரெண்டு பேருக்கும் ஒரே நேரத்துல, ஒரே குரூப்ல போட்டேன். தனித்தனியா அனுப்பினா நான் நடுவுல தபால்காரன் ஆகிடுவேன். ஒரு மணி நேரம் பதில் இல்லை. பிறகு மாப்பிள்ளை எழுதினாரு: "அத்தை நிக்கிற இடத்தை இன்னும் கொஞ்ச நேரம் வைக்கலாமா அண்ணே?" ஒரு சுற்று கூட்டினேன். அதுக்கு மேல அந்த ஷாட்ல இல்லை, முன்னால ஒருத்தர் எழும்பி மறைச்சுட்டாரு.

ட்ரோன் ஷாட் நீளமான வீடியோவுல அப்படியே இருக்கு, அதைப் பற்றி யாரும் கேக்கல.

பென் டிரைவ் வாங்க வந்தப்போ அந்தக் கும்பிடுற பிரேமை போட்டோவா கழுவித் தர முடியுமான்னு பொண்ணு கேட்டுச்சு. 1080 பிரேம் ஒன்று 6க்கு 4க்குத் தாராளமா காணும். பெருசாப் போட வேணாம், புள்ளி தெரியும்னு சொல்லி ரெண்டு கொப்பி அடிச்சுக் கொடுத்தேன்.