மூன்று சீரில் நிற்கும் அடி

மனைவி இறந்துவிட்டாள் என்ற செய்தி வந்ததும் மெக்பத் பேசுவதில், ‘நாளை’ என்று தொடங்கும் பகுதி பத்தே அடிதான். ஐந்தாம் அங்கம், ஐந்தாம் காட்சி. பக்கத்தில் சீட்டன் நிற்கிறான். கறாராகப் பார்த்தால் இதைத் தனிமொழி என்றுகூடச் சொல்ல முடியாது. ஆனாலும் மெக்பத் அவனிடம் பேசவில்லை, யாரிடமும் பேசவில்லை. இந்தப் பத்து அடியைத் தமிழ்ச் செய்யுளாக்கி, ஒரு நடிகர் மூச்சு முட்டாமல் பேசும்படி செய்ய வேண்டும். பத்து பாகாட்டில் ஜாலான் ரஹ்மாட்டுக்குச் சற்று உள்ளே, ஒரு கடைவீட்டின் மேல்மாடியில் ஒரு சிறு குழு அதைத்தான் செய்துகொண்டிருந்தது. பார்க்கலாம் என்று போனேன்.

மொழிபெயர்ப்பவர் ஓய்வுபெற்ற தமிழ்ப்பள்ளி ஆசிரியர். எல்லாருக்கும் அவர் ‘சார்’. மெக்பத்தாக நடிக்கும் இளைஞர் பகலில் ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் மேற்பார்வையாளர். நடுவில் ஒரு மேசை, அதன்மேல் தே ஓ குவளைகள், சாரின் கணக்கு நோட்டு.

சார் எடுத்திருப்பது ஆசிரியப்பா. அடிக்கு நான்கு சீர். இத்தனை அடிதான் என்ற வரம்பு கிடையாது. பேச்சுக்கு நெருங்கிய ஓசை. இது புதிய யோசனை ஒன்றும் இல்லை. 1891இல் சுந்தரம் பிள்ளை ‘மனோன்மணீய’த்தை இந்தப் பாவில்தான் பெரும்பாலும் எழுதினார். ஆனால் அது மேடையைவிட ஏட்டில்தான் அதிகம் வாழ்ந்தது. ஹாம்லெட்டை ‘அமலாதித்தன்’ ஆக்கிய பம்மல் சம்பந்த முதலியார், தாமே மேடையேறி நடிப்பவர் என்பதாலோ என்னவோ, உரைநடையை எடுத்துக்கொண்டார். விபுலாநந்தர் ஷேக்ஸ்பியரின் நாடகங்களை ஆராய்ந்து ‘மதங்க சூளாமணி’ எழுதினார். அது நாடக இலக்கணம் சொல்ல வந்த நூல், ஒத்திகைக்கான பிரதி அல்ல. செய்யுளும் வேண்டும், நடிகர் வாய்க்கும் வர வேண்டும் என்பவருக்கு வழி இன்னும் கரடுமுரடாகத்தான் கிடக்கிறது.

முதல் சிக்கல் முதல் அடியிலேயே வந்தது. மூலத்தில் ‘நாளை’ மூன்று முறை வருகிறது, நடுவில் இரண்டு முறை இணைப்புச் சொல். சார் முதலில் ‘நாளையும் நாளையும் நாளையும்’ என்று போட்டிருந்தார். இணைப்புக்கு ‘உம்’ இருக்கிறதே, கச்சிதம்தான். இளைஞர் அதைப் பேசிக் காட்டினார். மூன்றும் கூவிளம், தடதடவென்று ஓடியது. நாள்கள் ஊர்ந்து போகின்றன என்று சொல்ல வந்த இடத்தில் குதிரை ஓடினால் எப்படி?

சார் அடுத்து எழுதியது இது:

நாளை, அதன்பின் நாளை, அதன்பின்
நாளை என்றே நகர்ந்து நகர்ந்து

இதில் வேலை செய்வது முதல் அடியின் கடைசிச் சீர். ‘அதன்பின்’ என்று அடி முடிகிறது, பொருள் முடியவில்லை. நடிகர் அங்கே நின்றுதான் ஆக வேண்டும். நின்று, போக விருப்பமில்லாதவனைப் போல அடுத்த ‘நாளை’யை எடுக்க வேண்டும். சோர்வை நடிகர் கொண்டுவந்து ஒட்ட வேண்டியதில்லை, யாப்பே அதை வைத்திருக்கிறது.

ஆனால் தாளில் அது வேறு மாதிரி இருந்தது. இலக்கணப்படி புணர்த்தி ‘நாளையதன்பின் நாளையதன்பின்’ என்று எழுதியிருந்தார் சார். இளைஞர் அதை ஒரே நீளச் சொல்லாக வாசித்துவிட்டார். சாரே சிரித்தபடி பேனாவை எடுத்து, உடம்படுமெய்யை அடித்து, காற்புள்ளி போட்டார். “பரீட்சைத் தாளா இருந்தா மார்க்கு குறைச்சிருப்பேன் தம்பி. மேடைக்கு இதுதான் சரி,” என்றார். சந்தி பிரித்தே நடிகருக்குக் கொடுக்க வேண்டும் என்பது என் கட்சியும்கூட. சீருக்காகச் சொல்லை நடுவில் வெட்டும் வகையுளி இதைவிட மோசம். கண் சமாளித்துக்கொள்ளும், காது சமாளிக்காது.

இன்னொரு தொல்லை ஒப்புவிக்கும் பழக்கம். பள்ளியில் செய்யுள் மனப்பாடம் செய்த எவருக்கும் நான்காம் சீரில் குரல் தானாகத் தாழும். அதோடு எதுகையும் இரண்டு அடிக்கு ஒருமுறை வந்து விழுந்தால் சபை பாட்டுக் கேட்கத் தொடங்கிவிடும். அதனால் சார் எதுகையைத் தேடிப் போவதில்லை. மோனை வந்தால் விடுவதில்லை. ‘நாளை’, ‘நகர்ந்து’ போல அது அடிக்குள்ளேயே பிடித்துக்கொள்கிறது, அடியின் முனையில் மணி அடிப்பதில்லை. சோதிக்கும் முறையும் எளிது. ஒருவர் முதுகைக் காட்டி உட்கார்ந்து கேட்க வேண்டும். அடி எங்கே முடிகிறது என்று அவரால் விரலை மடக்கி எண்ண முடிந்தால் அந்தப் பகுதி மறுபடி சாரின் நோட்டுக்குப் போகும். நான் உட்கார்ந்தபோது முதல் நான்கு அடியை என்னால் எண்ண முடியவில்லை. அடுத்த இரண்டை எண்ணிவிட்டேன்.

மெழுகுவத்தியை அணையச் சொல்லும் இடத்தில் ஒரு சின்ன வாக்குவாதம். மூலத்தில் அந்த விரட்டல் இரண்டு ஓரசைச் சொற்கள், அடுத்தடுத்து இரண்டு அடி வைத்தாற்போல. ‘அணைந்துபோ, அணைந்துபோ’ என்றால் பத்து எழுத்தை உச்சரித்து முடிப்பதற்குள் கோபம் ஆறிவிடும். சூனியக்காரிகளில் ஒருவராக நடிக்கும் அக்கா வேறு, “விளக்கைப் பார்த்து அணைன்னு வாயால சொல்லக் கூடாது சார், குளிர வைக்கணும்னுதான் சொல்லுவோம்,” என்றார். மெக்பத்துக்கு என்ன மங்கலம் மிச்சமிருக்கிறது என்று நான் நினைத்தேன், ஆனால் அக்காவின் ஆட்சேபம் ‘அணை’ என்ற சொல்லைக் கழற்றிவிட்டது. கடைசியில் வந்தது ‘போ, போ, குறுந்திரியே’. ‘போ’ நெடில், தனியசை. உதடு ஒட்டிப் பிரிந்து குவிகிறது. திரியை ஊதும் வாயும் அப்படித்தானே குவியும்.

நான் போனதற்குப் பலன் கடைசி அடியில்தான் கிடைத்தது. மூலத்தில் பேச்சு அரை அடியில் நின்றுவிடுகிறது; மிச்சம் மௌனம். அந்த மௌனத்தில்தான் பர்னம் காடு நகர்கிறது என்ற செய்தியோடு தூதன் நுழைகிறான். தமிழில் நேரிசை ஆசிரியப்பாவுக்கும் ஒரு குறையடி உண்டு, ஆனால் அது ஈற்றயலடி. மூன்று சீரில் ஓர் அடி, அதன்பின் நான்கு சீரில் முழு அடி ஒன்று வர வேண்டும்; அது ஏகாரத்தில் முடிவது மரபு. ஷேக்ஸ்பியர் குறையடியைக் கடைசியில் வைத்துவிட்டார். விதியைக் காக்க ஓர் அடியை இட்டு நிரப்பினால் மௌனம் போய்விடும்.

சார் நிரப்பவில்லை. தூதனைப் பார்த்து மெக்பத் அடுத்துச் சொல்லும் வாக்கியத்தையே பாட்டின் ஈற்றடியாக்கிவிட்டார்:

மூடன் ஒருவன் சொல்லும் கதைதான்;
கூச்சலும் கொதிப்பும் நிறைய, அதற்குப்
பொருள்தான் ஒன்றும் இல்லை.
பேச வந்தாய், விரைந்து சொல்லே!

மூன்றாம் அடிக்கும் நான்காம் அடிக்கும் நடுவே ஒரு சீர் காலியாகக் கிடக்கிறது. தூதன் நுழைய வேண்டியது அந்த இடத்தில். தூதனாக நடிக்கும் பையன் முதலில் ‘இல்லை’ காதில் விழுந்ததும் ஓடி வந்துவிட்டான். அடி பாதியில் நிற்கிறது என்பதே யாருக்கும் தெரியவில்லை. ‘கூச்சலும்’ என்று சொல்ல எவ்வளவு நேரமோ அவ்வளவு மனதுக்குள் சொல்லிவிட்டு வா என்றார் சார். அது சற்று நீண்டுவிட்டது. ‘மூடன்’ என்று மாற்றினார்கள், சரியாக வந்தது.

இளைஞருக்கு இன்னும் ‘சொல்லே’ பிடிக்கவில்லை. “இப்படி யாரும் பேச மாட்டாங்க சார், ‘சொல்லு’ன்னு வெச்சா என்ன?” என்கிறார். ஏகாரத்தை விட்டால் பாட்டு மூடாது என்கிறார் சார். எனக்கென்னவோ இளைஞர் சொல்வதில் நியாயம் இருப்பதாகப் படுகிறது: முந்தின அடி மூன்று சீரில் நின்று தன் வேலையை முடித்துவிட்டது, இங்கே முத்திரை தேவையில்லை. அடுத்த ஒத்திகையில் இரண்டையும் பேசிப் பார்த்து முடிவுசெய்வதாக இருக்கிறார்கள்.