இரவு வாசிப்புச் சீட்டின் மூன்றாம் கட்டம்

பாலர் பள்ளிகள் சில, பெற்றோருக்கு ஒரு சிறு நினைவூட்டுச் சீட்டைக் கொடுத்தனுப்புகின்றன. உள்ளங்கை அளவுள்ள அத்தாளில் மூன்று கட்டங்கள் உண்டு. முதற்கட்டத்தில் நாள், இரண்டாவதில் உறங்கப்போகுமுன் வாசித்த நூல், மூன்றாவதில் குழந்தைக்கு மிகவும் பிடித்த பகுதி. வாரம் முடிந்ததும் சீட்டைத் திருப்பியனுப்ப வேண்டும். நான்கு வயதுப் பேத்தியின் பொருட்டு எங்கள் இல்லத்திற்கும் அப்படியொரு சீட்டு வந்து சேர்ந்தது.

முதலிரண்டு கட்டங்களையும் பெரியவர் ஒருவர் தாமாகவே நிரப்பிவிடலாம். குழந்தை உறங்கிப்போன பின்னரும், ஏன், நூலைத் திறவாமலே கூட நிரப்பிவிடலாம். மூன்றாம் கட்டம் அத்தகையதன்று. குழந்தையின் முகத்தைப் பார்த்திருந்தாலன்றி அதில் எழுத நமக்கு ஒன்றும் இராது. எனவே, அச்சீட்டின் உயிர் அந்த மூன்றாம் கட்டத்தில்தான் இருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது.

எங்கள் வீட்டில் கதை வாசிப்போர் மூவர். என் மகள் மருத்துவமனையில் செவிலியர். சில வாரங்கள் அவளுக்கு இரவுப் பணி. மருமகன் கடையடைத்துவிட்டு வீடு திரும்ப ஒன்பது மணி ஆகிவிடும். எஞ்சிய இரவுகளில் வாசிப்பது தாத்தாவாகிய நான். நேற்று எந்தக் கதை, அதில் எந்த இடத்தில் குழந்தை சிரித்தாள் என்பது இன்று வாசிப்பவருக்குத் தெரியவேண்டுமானால் எழுத்துதான் வழி. "எங்க வார்டில் டியூட்டி மாறும்போது எழுதி வைக்கிறது மாதிரிதான் அப்பா" என்றாள் மகள். ஒருவர் கையிலிருந்து மற்றொருவர் கைக்குக் குழந்தை மாறும்போது, கூடவே கைமாறவேண்டிய செய்தி ஒன்று உண்டல்லவா? சீட்டைக் கட்டிலின் அருகே ஆணியில் மாட்டி, ஒரு பென்சிலையும் நூலில் கட்டித் தொங்கவிட்டோம்.

அப்போது வீட்டிலிருந்த நூல் எரிக் கார்ல் என்பவர் 1969-இல் வெளியிட்ட புழுக் கதை. பசி அடங்காத ஒரு கம்பளிப்புழு திங்கட்கிழமை ஓர் ஆப்பிளைத் தின்கிறது. செவ்வாயன்று இரண்டு பேரிக்காய். இவ்வாறு வெள்ளியன்று ஐந்து ஆரஞ்சுப் பழங்கள். அது தின்ற இடமெல்லாம் தாளில் உண்மையாகவே துளையிடப்பட்டிருக்கும். அலுவலகத்தில் தாள்களைத் துளைக்கும் கருவியால் ஒரு கட்டுத் தாளைத் துளைத்துக்கொண்டிருந்தபோதுதான் இக்கதை தமக்குத் தோன்றியது என்று அவரே கூறியிருக்கிறார். சனிக்கிழமையன்று கேக், ஐஸ்கிரீம், ஊறுகாய் எனப் பத்து வகைகளைத் தின்று அதற்கு வயிற்றுவலி வருகிறது. மறுநாள் ஒரு பச்சை இலையைத் தின்றதும் வலி நீங்குகிறது. பின்னர்க் கூடு கட்டி, வண்ணத்துப்பூச்சியாக வெளிவருகிறது.

முதல் இரவு மூன்றாம் கட்டத்தில் நான் எழுதியது: "ஓட்டையில் விரல் விட்டாள்." இரண்டாம் இரவு மருமகன் எழுதியதும் அதுவே. நான்காம் இரவு மகளின் கையெழுத்தில் வேறொன்று இருந்தது: "சோறு இல்லாம ஊறுகாயா!" சனிக்கிழமைப் பக்கத்தில் ஊறுகாயை மட்டும் தனியே தின்ற புழுவைக் கண்டு, குழந்தை வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்திருக்கிறாள். மறுநாள் நான் அந்தப் பக்கத்தை அடைந்ததும் ஒரு நொடி நிறுத்தினேன். அவளே அவ்வாக்கியத்தைச் சொல்லி முடித்தாள். சீட்டு இல்லாதிருந்தால் அந்த இடத்தைச் சாதாரணமாக வாசித்துக் கடந்திருப்பேன். எட்டாம் இரவில் பகுதி மீண்டும் மாறியது: "இலை தின்னதும் வயிறு சரியாப் போச்சு."

நூல் ஒன்றுதான், பிடித்த பகுதியோ இரண்டு முறை இடம் மாறிவிட்டது. முதலில் அவள் விரல் கதையைப் படித்தது. பின்னர் அவளுடைய சாப்பாட்டுத் தட்டின் நினைவு படித்தது. இறுதியில்தான் தின்றதற்கும் வலித்ததற்கும், இலைக்கும் நலமானதற்கும் உள்ள தொடர்பு அவளுக்குப் புலப்பட்டது. "இதே கதையா, இன்றுமா?" என்று நாம் சலித்துக்கொள்ளும் இரவுகளில் குழந்தைக்குள் நிகழ்வது இதுதான். இங்கிலாந்தின் சசெக்ஸ் பல்கலைக்கழகத்தார் 2011-இல் வெளியிட்ட ஆய்வொன்று இதற்கு ஒத்துப்போகிறது. மூன்று வயதுக் குழந்தைகளில் ஒரு பிரிவினருக்கு ஒரே கதையைத் திரும்பத் திரும்பவும், மற்றொரு பிரிவினருக்கு வெவ்வேறு கதைகளையும் வாசித்தார்கள். புதிய சொற்களை இரு பிரிவினரும் சம அளவிலேயே கேட்டார்கள். ஆயினும் ஒரே கதையைக் கேட்டவர்களே அச்சொற்களை நன்கு கற்றிருந்தனர். கதை பழகிவிட்டால் அடுத்து என்ன வரும் என்ற கவலை குழந்தைக்கு இல்லை. அதன் கவனம் புதியவற்றின்மேல் செல்ல இடமுண்டாகிறது. ஆதலால் இரண்டாம் கட்டத்தில் ஒரே நூலின் பெயர் ஏழு நாளும் இருப்பதைக் கண்டு வெட்கப்பட வேண்டியதில்லை. மூன்றாம் கட்டம் அசைகிறதா என்பதையே பார்க்கவேண்டும். அதுவும் பல நாள் அசையாது நின்று, குழந்தையின் கண்களும் பக்கத்தைவிட்டு அலையத் தொடங்கினால், நூலை மாற்றும் காலம் வந்துவிட்டது என்று கொள்ளலாம்.

இனி, அந்தப் பகுதியைக் கண்டறிவது எப்படி? "எந்த இடம் உனக்குப் பிடித்தது?" என்று கேட்டால் சிறு குழந்தை "எல்லாம்" என்று சொல்லும், அல்லது சற்றுமுன் மூடிய கடைசிப் பக்கத்தைக் காட்டும். "ஊறுகாயா, வண்ணத்துப்பூச்சியா?" என்று இரண்டைச் சொல்லிக் கேட்பதும் பயன் தராது. அமெரிக்காவில் கலிபோர்னியாப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் சுமார் இரண்டு வயதுக் குழந்தைகளிடம் இத்தகைய கேள்விகளைக் கேட்டு, 2019-இல் முடிவை வெளியிட்டார்கள். குழந்தைகள் பெரும்பாலும் இரண்டாவதாகச் சொல்லப்பட்டதையே விடையாகக் கூறினார்கள். அதே இரண்டை வரிசை மாற்றிக் கேட்டால் விடையும் மாறிவிட்டது. காதில் கடைசியாக விழுந்த சொல்லே நாவிலும் வருகிறது. அதை விருப்பம் என்று எழுதிவைத்தால் நாம் நம் கேள்வியையே எழுதிவைத்தவர்களாவோம்.

கேள்வியை விடக் கவனிப்பே சிறந்த வழி. எந்தப் பக்கத்தைப் புரட்டவிடாமல் கையை வைத்துக்கொள்கிறாள்? எங்கே நமக்கு முன்பாகவே சொல்லிவிடுகிறாள்? எங்கே திரும்பிப் பின்னோக்கிப் போகச் சொல்கிறாள்? எந்த இடத்தில் நம்மேல் இன்னும் சற்று ஒட்டிப் படுக்கிறாள்? பேச்சு வராத குழந்தைக்கும் இவை உண்டு. கேட்டே ஆகவேண்டுமெனில், மறுநாள் வாசிக்கத் தொடங்குமுன், "எந்தப் பக்கத்தை முதலில் பார்ப்போம்?" என்று நூலை அவள் கையிலேயே கொடுத்துவிடலாம். விரல்கள் தாமே தேடிச் செல்லும் பக்கத்தில் பொய் இராது.

எழுதும்போதும் ஒரு நெறி தேவை. குழந்தை சொன்ன சொல்லை அப்படியே எழுதவேண்டும். "காரண காரியத் தொடர்பை உணர்ந்தாள்" என்று எழுதினால், அடுத்த இரவு வாசிப்பவருக்கு அது எதற்கும் உதவாது. "இலை தின்னதும் வயிறு சரியாப் போச்சு" என்று எழுதினால் அவர் எங்கே நிறுத்த வேண்டும் என்பது தெரிந்துவிடும். ஒரு வரி போதும். விளக்கணைத்த பின்னர் எழுதுவது நல்லது. குழந்தையின் கண்முன் பென்சிலை எடுத்தால் கதை பாடமாகிவிடும். அவள் நம்மை மகிழ்விக்கும் விடையைத் தேடத் தொடங்கிவிடுவாள்.

இச்சீட்டு எங்களுக்கு ஒரு முறை பள்ளிக்கணக்கிற்கும் அப்பாற்பட்ட செய்தி ஒன்றைத் தந்தது. கிளை நூலகத்திலிருந்து மாரிஸ் செண்டாக் 1963-இல் எழுதி வரைந்த கதையொன்றை எடுத்துவந்திருந்தேன். குறும்பு செய்த மேக்ஸ் என்ற சிறுவனை, இரவுச் சாப்பாடு கொடுக்காமல் அறைக்கு அனுப்பிவிடுகிறார் தாய். அந்த அறையே காடாகிறது. அவன் கடல் கடந்து சென்று, கோர விலங்குகளுக்கு அரசனாகிறான். பின்னர் வீட்டு நினைவு வந்து திரும்புகிறான். அறையில் அவனுக்கான சாப்பாடு காத்திருக்கிறது, சூடாகவே. விலங்குகள் ஆர்ப்பரிக்கும் இடத்தில் ஒரு சொல்லும் இன்றி ஆறு பக்கங்களுக்குப் படங்கள் நிறைந்திருக்கும். குழந்தைக்குப் பிடிப்பது அதுவாகத்தான் இருக்கும் என்று எண்ணினேன். முதலிரண்டு நாள் அப்படியே இருந்தது. மூன்றாம் நாள் மகளுக்கு இரவுப் பணி தொடங்கியது. அன்றும் அதற்கடுத்த இரவும் அவள் நேரே கடைசிப் பக்கத்தைத் திறந்து, "சாப்பாடு சூடா இருந்துச்சுல்ல தாத்தா, அது" என்றாள். அந்தப் பக்கத்தில் படமே கிடையாது. சில சொற்கள் மட்டும்தாம். அவள் கூறியதை அப்படியே எழுதி மாட்டினேன்.

காலையில் பணி முடிந்து வந்த மகள் சீட்டை வாசித்தாள். ஒன்றும் பேசவில்லை. அன்று மாலை பணிக்குப் புறப்படுமுன் தன் கையாலேயே இட்லியை ஹாட்பாக்ஸில் வைத்து, "நீ சாப்பிடும்போது இது சூடா இருக்கும் பாரு" என்று குழந்தையிடம் காட்டிவிட்டுச் சென்றாள். எட்டு மணிக்கு மூடியைத் திறந்த பேத்தி, ஆவியில் கையை நீட்டிப் பார்த்துவிட்டு உண்டாள். அந்த வாரம் முழுதும் இது நடந்தது.

இதனை வைத்துக் குழந்தையின் உள்ளத்தையே படித்துவிட்டோம் என்று சொல்லத் துணியேன். சூடான சாப்பாடு என்ற சொல் அவளுக்கு வெறுமனே இனித்திருக்கலாம். ஒருநாள் எழுதிய ஒரு வரியைக் கொண்டு குழந்தைக்கு ஏக்கம் என்றோ அச்சம் என்றோ முடிவுகட்டுவது தவறு. அடுத்தடுத்த நாட்களில் அது திரும்ப வருகிறதா, வீட்டில் என்ன மாறியிருக்கிறது என்று இரண்டையும் சேர்த்துப் பார்க்கவேண்டும். அதன் பின்னரும் குழந்தையை விசாரிக்கத் தேவையில்லை. அவள் கேட்டது கதையின் மொழியில். நாம் தரும் மறுமொழியும் இட்லியைப்போல எளியதாக இருந்தால் போதும்.

வாரக் கடைசியில் சீட்டைப் பள்ளிக்குத் திருப்பியனுப்புமுன் மூன்றாம் கட்டத்தை மட்டும் ஒரு பழைய நோட்டில் பெயர்த்தெழுதிக்கொள்கிறேன். பணியால் பல இரவுகளை இழந்த தாய் அதனை ஓய்வுநாளில் எடுத்து வாசிக்கிறாள். தான் இல்லாத இரவுகளில் தன் மகள் எங்கே சிரித்தாள், எங்கே கையை வைத்துப் பக்கத்தை நிறுத்தினாள் என்பது அவளுக்கு அதில் கிடைக்கிறது.