"ட்ரை ஒன்" பொத்தானை அழுத்துமுன்: எந்தப் படத்தைக் கொடுப்பது?

ஒன்லைனில் உடுப்பு எடுக்கும் சகோதரிகளுக்காக இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம்தான், ஆறுதலாக வாசியுங்கள்.

இப்போது சில விற்பனைத் தளங்களில் உடுப்பின் படத்துக்குக் கீழே "ட்ரை ஒன்" என்று ஒரு பொத்தான் இருக்கிறது. நம்முடைய படம் ஒன்றைக் கொடுத்தால், அந்த உடுப்பை நாம் உடுத்தியிருப்பது போல ஒரு படம் வரும். பெருநாளுக்கு எடுப்பவர்களில் சிலர் அதைப் பார்த்துத்தான் முடிவெடுக்கிறார்கள். பார்சல் வந்த பிறகு "படத்தில இருந்தது வேற, வந்தது வேற" என்ற பேச்சு எங்கள் ஆசிரியர் ஓய்வறையில் அடிக்கடி எழும். காசு கொடுத்துக் கையில் வாங்கிய உடுப்பைத் திருப்பி அனுப்புவது லேசான காரியமில்லை. எனவே நாங்கள் நான்கு ஆசிரியைகள் சேர்ந்து ஒரே உடுப்பை, ஒரே ஆளுக்கு, மூன்று வகையான படங்களைக் கொடுத்துப் பார்த்தோம். உடுப்பு, முழங்கால் வரை வரும் முழுக்கைப் பச்சை நிற சல்வார் டொப். கழுத்தைச் சுற்றிச் சின்னப் பூவேலை. படத்துக்கு நின்றவர் எங்களில் மூத்தவர்.

முதலில், அந்தப் பொத்தானுக்குப் பின்னால் என்ன நடக்கிறது என்று தெரிந்துகொண்டால் மற்றதெல்லாம் இலகுவாக விளங்கும். வழக்கமான முறையில் மூன்று வேலைகள் நடக்கின்றன. கழுத்து, தோள், முழங்கை, மணிக்கட்டு, இடுப்பு, முழங்கால் எங்கே இருக்கின்றன என்று முதலில் கண்டுபிடிக்கும். பிறகு முகம், முடி, கை, உடுப்பு என்று படத்தைப் பகுதி பகுதியாகப் பிரிக்கும். கடைசியாக, பழைய உடுப்பு இருந்த இடத்தை அழித்துவிட்டு அங்கே புதிய உடுப்பை வரையும். "வரையும்" என்பதைக் கவனியுங்கள். துணியை எடுத்து நம் மேல் போர்த்துவதில்லை. அழித்த இடத்துக்குள் என்ன இருந்திருக்கும் என்று ஊகித்துத்தான் வரைகிறது. ஆகவே நாம் கொடுக்கும் படத்தில் மறைந்திருப்பதெல்லாம் ஊகமாகிவிடும். தெளிவாகத் தெரிவதுதான் ஓரளவு சரியாக வரும்.

நாங்கள் கொடுத்த முதலாவது படம், போனில் ஏற்கெனவே இருந்த ஒரு கல்யாண வீட்டுப் படம். கறுப்பு அபாயா, நெஞ்சு வரை தொங்கும் ஷோல், தோளில் கைப்பை, பின்னால் கதிரைகளும் ஆட்களும். வந்த படத்தில் பச்சை டொப் அபாயாவைப் போல அகலமாகி, முழங்காலைத் தாண்டிக் கீழே இறங்கியிருந்தது. கைப்பையின் வார், துணியில் ஒரு கோடாக மாறியிருந்தது. ஷோலின் கீழ்ப் பகுதி பாதி அழிந்து, கழுத்துப் பூவேலையோடு கலந்திருந்தது. மூத்தவர் பார்த்துவிட்டு, "டீச்சர், இது என்ட கை இல்லையே" என்றார். உண்மைதான். ஒரு கை அபாயாவின் மடிப்புக்குள் இருந்ததால், அதற்கு ஒரு புதுக் கை வரையப்பட்டிருந்தது.

காரணம் இதுதான். பழைய உடுப்பு அகலமாக இருந்தால் அழிக்கப்படும் இடமும் அகலமாகும். புதிய உடுப்பு அந்த இடத்தை நிரப்பப் பார்க்கும். கறுப்புத் துணியில் மடிப்பும் விளிம்பும் தெரிவதில்லை, ஆகவே இடுப்பு எங்கே, கை எங்கே என்பதும் தெரியாது. பின்னால் இருந்த கறுப்புக் கோட் போட்டவரும் அபாயாவும் ஒன்றாகிப்போன இடத்தில் உடுப்பின் ஓரமே வளைந்திருந்தது.

இரண்டாவது படம் அலுமாரிக் கண்ணாடியின் முன் நின்று எடுத்தது. இம்முறை உடம்போடு ஒட்டி நிற்கும் சாதாரண சல்வார். அகலப் பிரச்சினை போய்விட்டது. ஆனால் போனைப் பிடித்த கை நெஞ்சுக்கு முன்னால் இருந்தது. கழுத்துப் பூவேலையின் பாதி போனுக்குப் பின்னால் போய்விட்டது, அந்தப் பக்கத்து முழங்கையும் மடங்கி விட்டது. உடுப்பின் அழகே அந்தப் பூவேலைதான். அதைப் பார்க்க முடியாத படத்தை வைத்து எதைத் தீர்மானிப்பது? நாம் நாமே எடுக்கும் படம் இதற்குச் சரிவராது, வேறொருவர் எடுக்க வேண்டும்.

மூன்றாவது படத்தை வீட்டுக்குள் இப்படி எடுத்தோம்.

சுவர்: படமோ கலண்டரோ இல்லாத வெறும் சுவர். உடுப்பின் நிறத்துக்கு மாறான நிறமாக இருக்க வேண்டும். வெள்ளைச் சுவருக்கு முன் வெள்ளை உடுப்போடு நின்றால் தோளின் ஓரம் தெரியாது. சுவரில் சாயாமல் ஒரு மீற்றர் அளவு முன்னால் நின்றால், நிழல் உடம்போடு ஒட்டிக்கொள்ளாது.

வெளிச்சம்: காலை நேரம், திறந்த ஜன்னலைப் பார்த்தபடி. ஜன்னல் முதுகுக்குப் பின்னால் இருந்தால் ஆள் இருட்டாகிவிடும். உச்சி வெயிலும் வேண்டாம். மூக்குக்கும் நாடிக்கும் கீழே விழும் கருநிழல் புதிய உடுப்போடு பொருந்தாமல் தனியாகத் தெரியும்.

கமரா: இரண்டரை, மூன்று மீற்றர் தூரத்தில், எடுப்பவரின் போன் நம் இடுப்பு உயரத்தில். மேலே இருந்து எடுத்தால் தலை பெரிதாகிக் கால் குறுகும், டொப்பின் நீளம் எங்கே முடிகிறது என்ற கணக்கே பிழைத்துவிடும். கிட்ட வந்து அகல லென்ஸில் எடுத்தாலும் அதேதான். போன் நெடுக்காக இருக்கட்டும். தலைக்கு மேலும் காலுக்குக் கீழும் கொஞ்சம் இடம் விடுங்கள். அழகாக்கும் ஃபில்டர் எதுவும் வேண்டாம்.

நிற்பது: நேராகக் கமராவைப் பார்த்து. கைகள் இரண்டும் உடம்பிலிருந்து ஒரு சாண் விலகி, விரல்கள் தெரியக் கீழே தொங்கட்டும். கைகட்டி நிற்பது, இடுப்பில் கை வைப்பது, ஒரு பக்கம் திரும்புவது எல்லாம் அழகாக இருக்கும், ஆனால் இதற்கு உதவாது. இந்த மென்பொருள்களைப் பழக்கப் பயன்படும் படத்தொகுப்புகளில் ஒன்று 2021இல் வெளிவந்த விட்டன்-எச்.டி. அதில் 13,679 சோடிப் படங்கள். எல்லாம் பெண்கள் நேராக நிற்கும் படமும் அவர்கள் அணிந்த மேலாடையின் படமும். எதைப் பார்த்துப் பழகியதோ அதைத்தான் நன்றாகச் செய்யும்.

இதே காரணத்தால் சாரிக்கு இந்தப் பொத்தானை அதிகம் நம்ப வேண்டாம். அந்தத் தொகுப்பில் இருப்பது மேலாடை. மடிப்பு வைத்து, முந்தானை போட்டு உடுத்தும் முறை அதில் இல்லை. மருதமுனைக் கைத்தறிச் சாரி ஒன்றை மடித்து வைத்த படத்தோடு கொடுத்தால், கரை எங்கே வரும், முந்தானை எந்தத் தோளில் விழும் என்பதெல்லாம் ஊகம்தான்.

தலைமறைப்பைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். நெஞ்சு வரை தொங்கும் ஷோலை உடுப்பின் ஒரு பகுதி என்று நினைத்து மென்பொருள் அழிக்கக்கூடும். கழுத்தோடு சேர்த்துக் குத்தி, நுனியை உள்ளே விட்டுக்கொண்டால் தோள் கோடு தெரியும், தலைமறைப்பும் அப்படியே நிற்கும். எங்கள் மூன்றாவது படத்தில் அப்படித்தான் செய்தோம், அது அழியவில்லை.

இன்னொன்று, அரைக்கை உடுப்பைக் கொடுத்தால் மீதிக் கையை அதுவே தோல் நிறத்தில் வரைந்துவிடும். நாம் திறந்து காட்டாத கை, ஆனால் நம் முகத்தோடு ஒரு படமாக உருவாகிவிடுகிறது. அது வேண்டாமென்றால், கொடுக்கும் படத்தில் எந்த அளவு மறைந்திருக்கிறதோ அதற்குக் குறையாத உடுப்புகளை மட்டும் போட்டுப் பாருங்கள். அபாயா எடுப்பவர்களுக்கு அபாயாப் படமே போதும். அகலத்துக்கு அகலம், நீளத்துக்கு நீளம் சரியாகிவிடும். அதிலும் கறுப்பை விட்டு வெளிர் நிற அபாயாவில் எடுத்தால் கை தெரியும்.

படத்தை எங்கே கொடுக்கிறோம் என்பதும் முக்கியம். அந்தத் தளம் படத்தை எவ்வளவு காலம் வைத்திருக்கும், அழிக்கக் கேட்கலாமா என்று எழுதியிருக்கிறதா பாருங்கள். எழுதியில்லாத இடத்தில் படம் ஏற்றாதீர்கள். தங்கச்சியின் படத்தையோ கூட்டாளியின் படத்தையோ அவர்களிடம் கேட்காமல் கொடுக்காதீர்கள்.

இனி, வந்த படத்தை எப்படிச் சோதிப்பது? நாங்கள் கண்ட நல்ல வழி, அதே படத்தையும் அதே உடுப்பையும் கொடுத்து இரண்டாம் முறையும் செய்து பார்ப்பது. இரண்டு படங்களிலும் மாறாமல் இருப்பதை ஓரளவு நம்பலாம். மாறுவது ஊகம். எங்கள் மூன்றாவது படத்தில் நிறமும் கழுத்தின் வடிவமும் கையின் நீளமும் இரண்டு முறையும் ஒன்றாகவே வந்தன. பூவேலையில் பூக்களின் எண்ணிக்கை மாறியது, பக்க வெட்டு ஒரு முறை இருந்தது, மறுமுறை இல்லை. அந்த இரண்டுக்கும் விற்பவர் போட்ட மூலப் படத்தைத்தான் பார்க்க வேண்டும். இரண்டு முறையும் ஒரே மாதிரி வந்தாலும் மூலப் படத்தோடு ஒருமுறை ஒப்பிட்டுக்கொள்ளுங்கள். ஒரே பிழையை இரண்டு தரமும் விடலாம்.

எவ்வளவு நல்ல படம் கொடுத்தாலும் இது சொல்லாத விடயம் ஒன்று இருக்கிறது: அளவு. எம் சைஸைத் தெரிவு செய்தோம், எல் சைஸைத் தெரிவு செய்தோம், இரண்டுக்கும் உடுப்பு ஒரே மாதிரித்தான் நின்றது. நம் நெஞ்சளவு எத்தனை சென்ரிமீற்றர் என்று படத்தில் எங்கும் இல்லை. உடுப்பை நம் உருவத்துக்குப் பொருத்தி வரைவதுதான் அதன் வேலை, இறுக்குமா என்று பார்ப்பதல்ல.

அதற்கு அளவு நாடாதான். மூத்தவருக்குச் சரியாகப் பொருந்தும் பழைய டொப் ஒன்றை மேசையில் மட்டமாக விரித்து, ஒரு கமக்கட்டுத் தையலிலிருந்து மற்றதுக்கு அளந்தோம். 52 சென்ரிமீற்றர். இரண்டால் பெருக்க 104. விற்பவரின் அட்டவணையில் எம்முக்கு 98, எல்லுக்கு 104. அந்த எண்கள் உடுப்பின் அளவா, உடம்பின் அளவா என்று செய்தி போட்டுக் கேட்டோம். உடுப்பின் அளவு என்று பதில் வந்த பிறகு எல்லை எடுத்தோம். உடம்பின் அளவாக இருந்திருந்தால் இந்தக் கணக்கு செல்லாது, நெஞ்சைச் சுற்றி அளந்துதான் ஒப்பிட வேண்டியிருக்கும்.

ஆகவே சகோதரிகளே, நிறம் நமக்குப் பொருந்துமா, கழுத்து நமக்கு வடிவா என்று பார்க்க அந்தப் பொத்தான் உதவும். அதற்கு மேலே சொன்ன மாதிரி ஒரு படம் எடுத்து வைத்துக்கொண்டால், பல உடுப்புகளுக்கு அதையே பாவிக்கலாம். பொருந்துமா இறுக்குமா என்ற கேள்விக்கு மட்டும் அலுமாரியில் இருக்கும் பழைய டொப்பை எடுத்து மேசையில் விரியுங்கள்.