நூறாவது அத்தியாயம்

ஒரு தொலைக்காட்சித் தொடர் தன் நூறாவது அத்தியாயத்தை எட்டியதும், படப்பிடிப்புத் தளத்தில் பெரிய கேக் ஒன்றை வெட்டுவது அமெரிக்காவில் வழக்கம். 99-க்கு இல்லாத சிறப்பு 100-க்கு எங்கிருந்து வந்தது? முழு எண்ணின் மீது மனிதருக்குள்ள மோகமே காரணம் என்றுதான் நாமும் நெடுநாள் எண்ணியிருந்தோம். உண்மைக் காரணம் சற்று உலகியலானது.

அந்நாட்டில் ஒரு தொடரை முதன்முதலாக ஒளிபரப்பும் நிறுவனம் தரும் தொகை, தயாரிப்புச் செலவை முழுமையாக ஈடு செய்வது அரிது. ஆண்டுதோறும் கடனைச் சுமந்தே தயாரிப்பாளர் தொடரை நகர்த்துவார். அத்தொடரை ஊர்தோறும் உள்ள சிறு நிலையங்களுக்கு மறு ஒளிபரப்புக்கென விற்கும்போதுதான் அவர் மூச்சு விட முடியும். அந்நிலையங்களோ வாரத்தில் ஐந்து நாள், நாளுக்கு ஒன்றாக ஒளிபரப்புபவை. நூறு அத்தியாயங்கள் இருந்தால் இருபது வாரங்களுக்குப் போதும். அதன்பின் முதலிலிருந்து தொடங்கினாலும் பார்ப்பவர்க்குச் சலிப்புத் தட்டாது. ஆண்டுக்கு இருபத்திரண்டு என்ற கணக்கில், ஐந்தாம் ஆண்டில் அந்த எண் கைகூடும். ஆக, நூறாம் நாள் கேக் பெரும்பாலும் கடன் அடையும் நம்பிக்கையின் கேக்! இது எழுதாத விதிதான். 1969-இல் 79 அத்தியாயங்களோடு நின்றுபோன 'ஸ்டார் டிரெக்' மறு ஒளிபரப்பிலேதான் பெரும்புகழ் பெற்றது.

இந்தக் கொண்டாட்டத்தை அதற்குள்ளிருந்தே நகையாடியவர்களும் உண்டு. 'தி சிம்ப்சன்ஸ்' என்னும் கேலிச்சித்திரத் தொடர் 1994 ஏப்ரலில் நூறைத் தொட்டது. தொடக்கக் காட்சியில் பள்ளிச் சிறுவன் பார்ட் கரும்பலகையில் தண்டனையாக எழுதுவது அதன் மரபு. பொருளற்ற மைல்கற்களைக் கொண்டாட மாட்டேன் என்று அன்று அவனை எழுத வைத்தனர். மறு ஆண்டில் இன்னும் ஒருபடி மேலே போய், எவ்வகையிலும் சிறப்பில்லாத 138-ஆம் அத்தியாயத்துக்கு விழா எடுத்தனர். பழைய துணுக்குக் காட்சிகள், நெறியாளர் ஒருவர், இடையிடையே வினாடி வினா என எல்லாம் இருந்தன. தொடக்கக் காட்சியில் கைக்குழந்தை மேகியைக் கடைக்காரர் பொருளோடு பொருளாகக் கணக்கிடும்போது இயந்திரம் காட்டும் தொகை என்ன என்பது ஒரு கேள்வி. விழாவில் வேண்டுமென்றே பொய்யான விடையைச் சொன்னார்கள். உண்மை விடை 847 டாலர் 63 சென்ட். கண்ணிமைக்கும் நேரத்தில் மறையும் அவ்வெண்ணை அறிந்தவர் தாமும் அக்குடும்பத்தில் ஒருவர் என்று மகிழ்கிறார். வினாடி வினாவின் வேலையே அதுதான்.

பிரிட்டனில் அந்த விற்பனைக் கணக்கு இவ்வளவு ஆளுமை செலுத்தவில்லை. 1963-இல் தொடங்கிய பி.பி.சி.யின் 'டாக்டர் ஹூ' தன் நூறாவது கதையை 1978-இல் ஒளிபரப்பியபோது, நாயகனுக்குப் பிறந்தநாள் கேக் வெட்டும் காட்சி ஒன்றைச் சேர்க்க விரும்பினர்; தயாரிப்பாளர் கிரகாம் வில்லியம்ஸ் மறுத்துவிட்டார். அங்கே ஆண்டுகளையே பெரிதாக எண்ணினர். பத்தாம் ஆண்டை முன்னிட்டு, 1972 டிசம்பர் 30 முதல் 'மூன்று டாக்டர்கள்' என்ற கதை வந்தது. தன் உருவத்தையே மாற்றிக்கொள்ளும் நாயகன் என்பதால், அப்பாத்திரத்தில் அதுவரை நடித்த மூவரையும் ஒரே கதையில் சேர்ப்பதே திட்டம்.

முதலாமவர் வில்லியம் ஹார்ட்னெல். நோயின் காரணமாக 1966-இல் விலகியவர். அழைத்ததும் மகிழ்ந்து இசைந்தார். மூவரும் சமபங்கு பெறுமாறு கதையும் உருவாயிற்று. பின்னரே அவர் துணைவியார் வாயிலாக உண்மை நிலை தெரிந்தது: நினைவாற்றல் தளர்ந்திருந்தது, நின்று நடிக்க இயலாது. பழைய விருந்தினரை அழைப்பதில் உள்ள இடர் இதுவே; பார்வையாளர் நினைவில் அவர் மூப்படையவில்லை, வாழ்க்கையில் மூப்படைந்துவிட்டார். அழைப்பைத் திரும்பப் பெற்றிருக்கலாம். அவர்களோ கதையைத் திருத்தினார்கள். காலச்சுழலில் சிக்கிக்கொண்ட முதல் டாக்டர், மற்ற இருவரோடும் ஒரு திரையின் வழியாக மட்டுமே பேசுவார் என்றாயிற்று. அவருக்குரிய பகுதிகளைத் தனியே படமாக்கினர். அவர் அமர்ந்தபடியே, எதிரே பிடித்திருந்த அட்டைகளைப் பார்த்து வசனங்களைப் படித்தார்.

தளர்வை மறைக்க எழுந்த அந்த ஏற்பாடு, கதைக்கு வேறொன்றையும் தந்தது. இளையவர் இருவரும் ஓயாமல் சண்டையிடுகின்றனர். திரையிலிருந்து அம்முதியவர் அதட்டுகிறார், இருவரும் அடங்குகின்றனர். 1975 ஏப்ரலில் காலமான ஹார்ட்னெல், கடைசியாக நடித்தது அதில்தான். வீட்டில் அமர்ந்து அந்த அதட்டலைக் கேட்டவர்களுக்கு அட்டைகள் தெரியவில்லை.