ஒரே நாளுக்கு இரண்டு விலை

ராஜினாமா செய்துவிட்டு வெளியே வருகிறீர்கள். பத்து நாள் சம்பளம் பாக்கி, எடுக்காத லீவுக்குக் கொஞ்சம் பணம் வரும் என்று மனக்கணக்குப் போட்டு வைத்திருக்கிறீர்கள். மூன்று வாரம் கழித்து ஒரு மெயில். 'நீங்கள் எங்களுக்கு 16,904 ரூபாய் செலுத்த வேண்டும். செலுத்தியதும் ரிலீவிங் லெட்டர் தரப்படும்.' எப்படி இருக்கும்?

எதிர் ஃப்ளாட் பெண்ணுக்கு 2024 ஆகஸ்ட்டில் அப்படித்தான் வந்தது. அம்பத்தூர் பக்கம் ஒரு கம்பெனியில் மூன்றரை வருஷம் வேலை. புதுக் கம்பெனியில் சேர்ந்தாகிவிட்டது. அவர்கள் ஆகஸ்ட் கடைசிக்குள் பழைய கம்பெனியின் ரிலீவிங் லெட்டரைக் கேட்கிறார்கள். பேப்பரை எடுத்துக்கொண்டு அம்மாவும் பெண்ணும் வந்தார்கள்.

"பி.காம் படிச்சவர் நீங்க, ஒரு தடவை பாத்துருங்க அங்கிள். பணத்தைக் கட்டிட்டு லெட்டரை வாங்கிடலாம்னுதான் இருக்கேன்."

"வளையலை வச்சிடலாம்னு சொல்லிட்டேன் சார்" என்றார் அம்மா.

பி.காம் முடித்து இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. டெபிட், கிரெடிட் எந்தப் பக்கம் என்று யோசிக்க வேண்டிய நிலைமை. ஆனாலும் வளையல் என்றதும் கண்ணாடியைத் தேடி எடுத்தேன்.

மாதச் சம்பளம் 30,000. அதில் பேசிக் 15,000. மீதி வீட்டு வாடகைப்படி, இதர படிகள். ஜூன் சம்பளம் ஏற்கெனவே வந்துவிட்டது. கடைசி வேலை நாள் ஜூலை 10. வரவுப் பக்கத்தில் ஜூலையின் பத்து நாள் சம்பளம் 9,677, பதினான்கு நாள் லீவுக்கு 7,000. பற்றுப் பக்கத்தில் பி.எஃப். 581, தீபாவளி அட்வான்ஸ் பாக்கி 3,000, நோட்டீஸ் குறைவு முப்பது நாளுக்கு 30,000. கூட்டல் கழித்தலில் பிழையே இல்லை. கம்ப்யூட்டர் போட்ட கணக்கு, அதில் பிழை இருக்காது. இருந்தால், அதற்குள் போட்ட எண்களில்தான் இருக்கும்.

ஒரு விஷயம் கண்ணை உறுத்தியது. லீவுக்கு ஒரு நாள் விலை 500 ரூபாய். நோட்டீஸுக்கு ஒரு நாள் விலை 1,000 ரூபாய். அதே பெண், அதே நாள்! கம்பெனி கொடுக்கும்போது பேசிக்கை முப்பதால் வகுக்கிறது. வாங்கும்போது மொத்தச் சம்பளத்தை முப்பதால் வகுக்கிறது. இது ஏமாற்று என்று சொல்லிவிட முடியாது. பல கம்பெனிகளில் எழுதிவைத்த விதியே இதுதான். ஆனால் இந்தக் கம்பெனியில் என்ன எழுதியிருக்கிறது?

"அப்பாயின்ட்மென்ட் லெட்டர் எங்கம்மா?"

முழித்தாள். சேர்ந்த அன்று கையெழுத்துப் போட்டதோடு சரி, யார் படித்தார்கள்? பீரோவில் ரேஷன் கார்டுக்கு அடியில் இருந்து அம்மாதான் எடுத்து வந்தார். ஒன்பதாவது ஷரத்து: இரு தரப்பும் அறுபது நாள் நோட்டீஸ் தர வேண்டும்; குறையும் நாட்களுக்கு 'அடிப்படைச் சம்பளம்' ஈடாகச் செலுத்த வேண்டும். அடிப்படைச் சம்பளம்! மொத்தச் சம்பளம் அல்ல. கம்பெனியின் எக்ஸெல் ஷீட் ஒன்று சொல்கிறது, கம்பெனியே கையெழுத்துப் போட்ட கடிதம் வேறொன்று சொல்கிறது.

அடுத்தது, நாள் கணக்கு. முப்பது நாள் குறைவு எப்படி வந்தது? ராஜினாமா மெயில் போனது ஜூன் 3. மேனேஜர் 'ஏற்றுக்கொண்டேன்' என்று பதில் போட்டது ஜூன் 10. எச்.ஆர். பத்தாம் தேதியிலிருந்து எண்ணியிருக்கிறார். மேனேஜர் ஒரு வாரம் மெயிலைத் திறக்காததற்கு இவள் 7,000 ரூபாய் கட்டவேண்டுமாம். கடிதத்தில் 'நோட்டீஸ் கொடுத்த நாளிலிருந்து' என்றுதான் இருந்தது. ஜூன் 4 முதல் ஜூலை 10 வரை முப்பத்தேழு நாள் வேலை பார்த்திருக்கிறாள். குறைவு இருபத்துமூன்றுதான்.

மூன்றாவது, லீவு. பதினான்கு நாள் என்பது மார்ச் 31-ல் இருந்த இருப்பு. அதற்குப் பிறகு ஏப்ரல், மே, ஜூன் மூன்று மாதமும் மாதத்துக்கு ஒன்றரை நாள் வீதம் லீவு சேர்ந்திருக்கிறது. ஒரு நாள்கூட எடுக்கவில்லை. வருஷம் முடிந்தால்தான் வரவு வைப்பார்கள், நடுவில் போகிறவர்களுக்குக் கையால் சேர்க்க வேண்டும். மறந்துவிட்டார்கள். ஆக, பதினெட்டரை நாள்.

இப்போது நீங்களும் என்னோடு கூட்டிப் பாருங்கள். பத்து நாள் சம்பளம் 9,677, லீவுக்கு 9,250. மொத்தம் 18,927. கழிக்க வேண்டியது நோட்டீஸுக்கு 11,500, பி.எஃப். 581, அட்வான்ஸ் 3,000. மொத்தம் 15,081. கம்பெனிதான் அவளுக்கு 3,846 ரூபாய் தர வேண்டும்!

அட்வான்ஸில் ஏதாவது கிடைக்குமா என்றும் துருவினேன். பத்தாயிரம் வாங்கி ஏழு தவணை கட்டியிருக்கிறாள். 3,000 நியாயமான பாக்கி. அதில் பேச ஒன்றுமில்லை.

"லீவை நோட்டீஸ்ல கழிச்சுக்கோங்கன்னு சொன்னேன் அங்கிள், கேக்கவே இல்லை" என்றாள். கம்பெனி சம்மதித்தால்தான் அப்படிக் கழிக்கலாம் என்று கடிதத்திலேயே இருந்தது. இவள் விஷயத்தில் இரண்டுக்கும் ஐந்நூறு ரூபாய்தான் என்பதால் நஷ்டமில்லை. ஆனால் உங்கள் கம்பெனியில் நோட்டீஸை மொத்தச் சம்பளத்திலும் லீவை பேசிக்கிலும் கணக்குப் போட்டால், கழித்துக்கொள்ளும் ஒவ்வொரு லீவு நாளும் 500-க்குப் பதில் 1,000 ரூபாயை மிச்சம் பிடிக்கும். கடைசி நாளுக்கு முன்பே கேளுங்கள். மெயிலில் கேளுங்கள். கேன்டீனில் மேனேஜர் தலையாட்டியது செட்டில்மென்ட் ஷீட்டில் ஏறாது.

இன்னொன்று. வேலையில் இருக்கும்போதே லீவை விற்றுக் காசாக்கினால் முழுக்க வரி உண்டு. வேலையை விட்டுப் போகும்போது வாங்கினால், ராஜினாமாவாக இருந்தாலும், ஒரு வரம்பு வரை விலக்கு உண்டு. தனியார் ஊழியர்களுக்கு 3 லட்சமாக இருந்த உச்ச வரம்பை 2023-ல் 25 லட்சமாக உயர்த்தினார்கள். சில ஆபீஸ்களில் பழக்க தோஷத்தில் வரியைப் பிடித்துவிடுவார்கள். இவளுக்கு அந்தக் கவலை இல்லை, வரி கட்டும் அளவுக்குச் சம்பளமே இல்லை.

மூன்று பத்தியில் ஒரு மெயில் எழுதினோம். கோபம் இல்லை, சட்ட மிரட்டல் இல்லை. ஜூன் 3 மெயிலின் நகல், லீவு விவரம், ஒன்பதாவது ஷரத்தின் போட்டோ. முதல் இரண்டையும் மறுநாளே ஒப்புக்கொண்டார்கள். மூன்றாவதற்கு 'கம்பெனி பாலிசி' என்று பதில் வந்தது. பாலிசியின் நகலைக் கேட்டோம். ஒரு வாரம் மௌனம். மறுபடி கேட்டோம். ஆகஸ்ட் 28-ம் தேதி 3,846 ரூபாய் அக்கவுன்ட்டில் ஏறியது.

இத்தனை இழுத்தடிப்புக்கு இப்போது சட்டத்தில் இடம் குறைவு. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த ஊதியச் சட்டத் தொகுப்பின்படி, ராஜினாமா செய்தவருக்கும் சம்பள பாக்கியை இரண்டு வேலை நாளுக்குள் தர வேண்டும். அதனால் ஷீட் சீக்கிரம் வரும். எண்கள் சரியாக இருக்குமா என்பதை நீங்கள்தான் பார்க்க வேண்டும்.

மறுநாள் ரிலீவிங் லெட்டரும் வந்தது. அவளே போனில் காட்டினாள்.

"அங்கிள், கடைசி வேலை நாள் ஜூலை 9-னு போட்டிருக்காங்க. பி.எஃப்.ல 10-னு இருக்கு. இதுக்கும் மெயில் போட்டுட்டேன்."